ஒரே நாளில் 1,918 மரணங்கள் குறைந்தது எப்படி?

2020 மே 24 அன்று ஸ்பெயினின் கொரோனா மரணக் கணக்கு 28,752. மறுநாள் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கு 26,834. ஒரே நாளில் 1,918 குறைவு. இறந்தவர் யாரும் எழுந்து வரவில்லை. ஒருவரே இரண்டு முறை பதிவானது, கொரோனா என்று உறுதிப்படாமலே பட்டியலில் ஏறியது என்று மாகாணங்களிலிருந்து வந்த கணக்கில் கிடந்த பிழைகளை அமைச்சகம் களைந்திருந்தது.

கணக்கு சுத்தமானது நல்லதுதான். மாட்டிக்கொண்டவர்கள், அந்தக் கணக்கைத் தினமும் இறக்கி வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். பத்திரிகைகள், பல்கலைக்கழகங்கள், தனி ஆர்வலர்கள் என உலகம் முழுக்க அப்போது ஆயிரக்கணக்கான டேஷ்போர்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுநாயகம் மொத்தக் கோடு. முதல் நாளிலிருந்து இன்றுவரை எத்தனை பேர் என்று சொல்லும் அந்தக் கோடு வீட்டு மின்சார மீட்டர் மாதிரி. ஏறலாம், ஏறாமல் நிற்கலாம், இறங்கக் கூடாது. மே 25 அன்று அது செங்குத்தாக இறங்கியது.

மொத்தக் கோட்டில் விழுந்த பள்ளமாவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய கூத்து பக்கத்து வரைபடத்தில் நடந்தது. நாளொன்றுக்கு எத்தனை மரணம் என்பதைப் பெரும்பாலோர் தனியாக வாங்குவதில்லை. இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்துவிடுவார்கள். எக்செல்லில் `=B3-B2` என்று போட்டு இழுத்துவிட்டால் முடிந்தது. அந்தக் கழித்தல் மே 25-க்குக் கொடுத்த விடை, மைனஸ் 1,918 மரணங்கள். சராசரியும் தப்பவில்லை. அந்த வாரத்தில் ஸ்பெயினில் நாளுக்கு ஏறத்தாழ 60 மரணங்கள் பதிவானதாக வைத்துக்கொள்வோம். ஆறு நாள்களுக்கு 360. அதிலிருந்து 1,918-ஐக் கழித்து ஏழால் வகுத்தால் மைனஸ் 222 சொச்சம். ஏழு நாள் சராசரி என்பதால் அந்த ஒரு பிழை ஏழு நாளும் கூடவே வரும். எட்டாம் நாள் சராசரி திடீரென்று 60-க்குத் துள்ளும். விவரம் தெரியாதவர் பார்த்தால் ஸ்பெயினில் புதிய அலை என்றே நினைப்பார்.

இந்தக் கட்டத்தில் அவசரக்காரர் ஒருவர் கண்டுபிடிக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. கோடு இறங்கக் கூடாது, அவ்வளவுதானே? நேற்று வரை எட்டிய உச்சத்தை விட இன்றைய எண் குறைவாக இருந்தால் நேற்றைய உச்சத்தையே வைத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். பக்கத்துப் பத்தியில் `=MAX(D2,B3)` என்று எழுதினால் போதும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு `cummax()` என்று ஒரே சொல். கோடு உடனே ஒழுங்காகிவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும்.

ஆனால் அந்த அழகுக்குக் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடு 28,752-இல் நின்றுவிடுகிறது. உண்மையான கணக்கு 26,834-இலிருந்து நாளுக்கு 60 வீதம் ஏறி மறுபடி 28,752-ஐத் தொட 32 நாள் ஆகும். அந்த 32 நாளும் உங்கள் வரைபடத்தில் ஸ்பெயினில் ஒருவர்கூடச் சாகவில்லை. பள்ளம் விழுந்த கோட்டைப் பார்ப்பவர் "இது என்ன?" என்று கேட்கவாவது செய்வார். இந்தத் தட்டைக் கோட்டைப் பார்ப்பவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். மேலும் அந்த நாள்கள் முழுக்க, அமைச்சகமே தவறு என்று விலக்கிய மொத்தத்தை நீங்கள் சரியென்று காட்டிக்கொண்டிருப்பீர்கள். என் கணக்கில், இறங்கிய கோட்டை அப்படியே விட்டுவிடுவது இந்த வைத்தியத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

குழப்பத்தின் வேர், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தேதிகள் இருப்பதில் கிடக்கிறது. ஒருவர் இறந்த தேதி ஒன்று. அந்த மரணம் இப்படித்தான் என்று நமக்குத் தெரியவந்த தேதி இன்னொன்று. நீக்கப்பட்ட 1,918 பதிவுகளும் மே 25-க்குச் சொந்தமானவை அல்ல. அதற்கு முந்தைய நாள்களில் அங்கங்கே தவறாக ஏறியவை. திருத்தம் தெரியவந்த நாள்தான் மே 25. இறந்த தேதிக்கான அச்சில் தெரியவந்த தேதியின் சமாச்சாரத்தை வரைந்ததால்தான் பள்ளம் விழுந்தது. ஒவ்வொரு பதிவையும் அது ஏறிய நாளிலிருந்தே கழித்தால் கோடு எங்கேயும் இறங்காது. தொடக்கம் முதலே கொஞ்சம் தாழ்வாக ஓடும், அவ்வளவுதான்.

அப்படிக் கழிக்க, மூலத்தில் இருப்பவர்கள் பழைய நாள்களையும் சேர்த்துத் திருத்தித் தர வேண்டும். இங்கிலாந்து விவகாரத்தில் அது நடந்தது. அங்கே பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு, கொரோனா பாசிட்டிவ் வந்த எவர் எப்போது இறந்தாலும் கொரோனா மரணம் என்றே எண்ணிவந்தது. மார்ச்சில் காய்ச்சல் வந்து குணமாகி, ஜூலையில் பஸ்ஸில் அடிபட்டு இறந்தாலும் கணக்கில் ஒன்று கூடும். இதை 2020 ஜூலையில் யூன் லோக், கார்ல் ஹெனகன் என்ற இரண்டு பேராசிரியர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகஸ்ட் 12 அன்று, பரிசோதனைக்குப் பின் 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டுமே எண்ணுவது என்று வரையறை மாறியது. பிரிட்டன் மொத்தம் 46,706-இலிருந்து 41,329 ஆனது. 5,377 குறைவு. இங்கே யாருடைய பதிவும் பிழையில்லை, எண்ணும் விதிதான் மாறியது. புதிய விதிப்படி பழைய நாள்களும் திருத்தப்பட்டதால், முழுத் தொடரையும் புதிதாக இறக்கிக்கொண்டவர்களின் கோட்டில் பள்ளமே இல்லை.

முழுத் தொடரையும் இறக்காதவர்கள் கதை வேறு. டேட்டா பெரிதாகும்போது தினமும் எல்லாவற்றையும் இறக்குவது வீண் என்று, ரெஃப்ரெஷ் செய்யும்போது கடைசி ஏழு நாளை மட்டும் புதுப்பிக்கும்படி வைத்திருப்பார்கள். சாதாரண நாள்களில் அது புத்திசாலித்தனம்தான். ஆகஸ்ட் 12 அன்று அப்படி ரெஃப்ரெஷ் செய்தால் ஆகஸ்ட் 6 முதல் 12 வரை புதிய எண்கள் வரும். ஆகஸ்ட் 5-உம் அதற்கு முந்தையவையும் பழைய எண்களாகவே கிடக்கும். கோடு ஆகஸ்ட் 5-க்கும் 6-க்கும் நடுவில் ஐயாயிரத்துக்கும் மேல் சரியும். அந்த இரண்டு நாளிலும் பிரிட்டனில் அப்படி எதுவும் நடக்கவில்லை, யாரும் எதுவும் அறிவிக்கவும் இல்லை. அறிவிப்பு வந்த நாளிலிருந்து சரியாக உங்கள் ரெஃப்ரெஷ் சன்னலின் அளவுக்குப் பின்னே பள்ளம் இருந்தால், அது மூலம் செய்த பள்ளமல்ல, நீங்கள் வெட்டியது. மருந்து எளிது. ஒருமுறை தொடக்கத்திலிருந்து முழுவதையும் இறக்கிவிட வேண்டும். அதற்கு முன் பழைய பிரதியை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மூலம் புதிய மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு, பழைய நாள்களைத் தொடாமல் விட்டால்? இதுதான் கஷ்டமான நிலை. திருத்தத்தைப் பழைய நாள்கள் மேல் விகிதாசாரப்படி பரப்புவது ஒரு வழி. ஸ்பெயினில் 26,834-ஐ 28,752-ஆல் வகுத்தால் சுமார் 0.933. எல்லாப் பழைய மொத்தங்களையும் இதனால் பெருக்கினால் கோடு எங்கும் இறங்காமல் புதிய எண்ணில் வந்து சேரும். ஏப்ரல் 2 அன்று 950 என்று அறிவிக்கப்பட்ட மரணங்கள் இந்தக் கணக்கில் 887 ஆகும். இந்த 887-ஐ ஸ்பெயினில் யாரும் எண்ணவில்லை, நாம் ஊகித்தது. பிழைகள் எல்லா நாளும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மருத்துவமனைகள் திணறிய வாரங்களில் அதிகமாகவே ஏறியிருக்கலாம். நோய் எந்தப் போக்கில் போகிறது என்று மாதிரி கட்டுகிற ஆய்வாளருக்கு இந்த ஊகம் போதும். பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் இதை அறிவிக்கப்பட்ட எண் போலக் காட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொதுமக்களுக்கு நேர்மையான வழி, கோட்டை அந்த இடத்தில் முறித்துக் காட்டுவது. மே 24 வரை ஒரு துண்டு, மே 25 முதல் இன்னொரு துண்டு, நடுவில் இடைவெளி. "மே 25: மாகாணக் கணக்குகளைச் சரிபார்த்து 1,918 பதிவுகளை அமைச்சகம் நீக்கியது" என்று ஒரு வரிக் குறிப்பு கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். நாள்வாரி வரைபடத்தில் அன்றைய பட்டையை வெறுமையாக விட்டு, சராசரியையும் அந்த ஒரு நாளை விலக்கிவிட்டு ஆறு நாளுக்குப் போட்டுவிடலாம்.

இத்தனையும் மூலம் உண்மையிலேயே திருத்தியிருந்தால்தான். பல நேரம் கோடு இறங்குவதற்குக் காரணம் பாதியில் அறுந்த டவுன்லோடாக இருக்கும். ஒரு மாகாணத்தின் வரி விடுபட்டிருந்தாலும் மொத்தம் குறையும். இரண்டையும் பிரித்தறிய, மொத்தத்தை மட்டும் பார்க்காமல் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். குறைந்த அளவு ஒரே மாகாணத்தின் முழு எண்ணுக்குச் சமமாக இருந்தால் அந்த வரி விழுந்துவிட்டது என்று பொருள். வரிகளின் எண்ணிக்கை நேற்றும் இன்றும் ஒன்றாக இருந்து, சில இடங்களில் மட்டும் எண் மாறியிருந்தால் திருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் கோடு இறங்கினால் ரெஃப்ரெஷ் தானாக நின்று, நேற்றைய படத்தையே காட்டிக்கொண்டு, ஆளைக் கூப்பிடும்படி வைப்பது நல்லது. ஆள் வந்து மூலத்தின் அறிவிப்பைப் படித்துப் பார்த்துத் திறந்துவிடட்டும்.

இங்கேதான் அந்தப் பழைய பிரதி உதவுகிறது. நேற்று வந்ததன் மேலேயே இன்று வந்ததை எழுதிவிட்டால், எந்த நாளின் எண் எவ்வளவு மாறியது என்று ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 ஜனவரி 22-ஆம் தேதி முதலான தொடரை 2023 மார்ச் 10 வரை கிட்ஹப்பில் பராமரித்தது. அதே கோப்பின் மேலேயே தினமும் எழுதினாலும், கிட்ஹப் பழைய பதிப்புகளை வைத்திருப்பதால், குறிப்பிட்ட நாளில் உலகம் எந்த எண்ணைப் பார்த்தது என்பதை இன்றும் தோண்டி எடுக்கலாம். "மே 24 அன்று நீங்கள் 28,000 சொச்சம் என்று எழுதினீர்களே, இப்போது குறைத்துக் காட்டுகிறீர்களே" என்று வாசகர் கேட்டால் காட்டுவதற்கு ஆதாரம் அதுதான்.

இறங்கினால் மணி அடிக்கும் ஏற்பாட்டுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்களைத் தமிழக அரசு மொத்தக் கணக்கில் சேர்த்தது. அவை மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்தவை. அப்போது மாநிலத்தில் நாளுக்கு எழுபது எண்பது மரணங்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. கழித்தல் முறையில் அன்றைய பட்டை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. ஸ்பெயினில் நடந்த அதே கோளாறுதான், திசை மட்டும் வேறு. கோடு மேலே போனதால் மணி அடிக்கவே இல்லை. அதனால் இறக்கத்தை மட்டும் சோதித்தால் போதாது. முந்தைய வாரத்துச் சராசரியைப் போல நாலைந்து மடங்கு ஒரே நாளில் ஏறினாலும் ரெஃப்ரெஷ் நின்று ஆளைக் கூப்பிட வேண்டும்.