ஒரு பைசா வித்தியாசம்

ஓடிக்கொண்டிருக்கும் ஈ.ஆர்.பி.யில் புதிய பேட்சை நேரடியாக ஏற்றக்கூடாது. முதலில் அதன் நகலில் ஏற்றி, போன மாதம் போட்ட பில்களையே மறுபடி போட்டு, பழைய தொகையோடு ஒப்பிட வேண்டும். அதற்கு முன், நகலிலிருந்து வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் எதுவும் போகாதபடி இணைப்புகளைத் துண்டிப்பது கட்டாயம்.

வெளிமாநில பில் ஒன்றைப் பாருங்கள். மூன்று பொருள்கள், தலா 10.03 ரூபாய், ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பொருள்வாரியாக முழுமையாக்கினால் தலா 1.81, மொத்தம் 5.43. கூட்டுத்தொகைக்குக் கணக்கிட்டால் 5.42. பேட்ச் இந்த முறையை மாற்றினாலும் திரையில் பிழைச்செய்தி வராது. பழைய பில்லோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

எஸ்.ஏ.பி.யில் எங்கே தொடங்குவது? நாம் திருத்திய நிரல்களில் பேட்ச் கைவைத்தவற்றை SPAU பட்டியலிடும். அவை தொடும் பில்களையே முதலில் சோதிப்பேன்.