பாய்லர் நின்ற காலையில் ஏஜென்டுக்கு எழுதும் அஞ்சல்

இங்கிலாந்தில் ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்கு இன்னும் இருட்டுதான். கண் விழிக்கும்போது அறை வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது. ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. குழாயைத் திறந்தால் எவ்வளவு நேரம் விட்டாலும் தண்ணீர் சுடவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதில் வியப்பில்லை. அங்கே பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரில் மாட்டிய ஒரே பெட்டிதான் கேஸை எரித்து ரேடியேட்டர்களுக்கும் குழாய்க்கும் சேர்த்துத் தண்ணீரைச் சுட வைக்கிறது. காம்பி பாய்லர் என்பார்கள். அது படுத்தால் வீடே படுத்துவிடும்.

வாடகைக்கு இருப்பவர் உடனே தொடர்புகொள்ள வேண்டியவர் லெட்டிங் ஏஜென்ட், அதாவது வீட்டு உரிமையாளர் சார்பில் வாடகையையும் பராமரிப்பையும் பார்த்துக்கொள்ளும் நிறுவனம். சில ஏஜென்டுகள் ஆள் பிடித்துக் கொடுப்பதோடு சரி, பராமரிப்பை உரிமையாளரே வைத்துக்கொள்வார். யாருக்கு எழுத வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். புதிதாகக் குடிபோகிறவர்கள் அதைக் கோடைக்காலத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பலரும் அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும்: ‘ஹீட்டர் வேலை செய்யவில்லை, மிகவும் குளிராக இருக்கிறது, தயவுசெய்து சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கும் அலுவலக ஊழியரால் எதையும் செய்ய முடியாது. எந்த வீடு, வெந்நீர் வருகிறதா, பாய்லர் திரையில் என்ன தெரிகிறது, வீட்டில் யார் இருப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். நாம் பதில் எழுத வேண்டும். குளிர் அலை அடிக்கும் வாரத்தில் இன்ஜினியர்களின் அன்றைய நேரம் காலை ஒன்பது, பத்து மணிக்குள் நிரம்பிவிடும். அந்த ஒரு கேள்வி பதில் சுற்றிலேயே ஒரு நாள் போய்விடலாம்.

ஆகவே எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் பாய்லரின் முன் நிற்க வேண்டும். முதலில் கேஸ் அடுப்பைப் பற்ற வையுங்கள். எரிந்தால் வீட்டுக்குக் கேஸ் வருகிறது என்று தெரிந்துவிடும். முன்பணம் கட்டும் மீட்டராக இருந்தால் அதில் பணம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள், பல ‘பழுது’கள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது பாய்லரின் அழுத்தமானி. குளிர்ந்த நிலையில் முள் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். அரை பாருக்குக் கீழே போயிருந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது, பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கும். கையேட்டைப் பார்த்து அதை நாமே நிரப்பிக்கொள்ளலாம். பிறகு திரையில் தெரியும் பிழைக் குறியீடு. ஒரு கம்பெனியின் பாய்லரில் F.22 என்றால் தண்ணீர் அழுத்தம் குறைவு, F.28 என்றால் பற்றவைக்க முயன்றும் சுடர் வரவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் குறியீட்டோடு மாடலின் பெயரும் வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு கையேடு சொல்கிறபடி ஒருமுறை ரீசெட் செய்யலாம். திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். பாய்லரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே கைவைக்க ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்ற இன்ஜினியருக்கு மட்டுமே அனுமதி.

கேஸ் வாசனை அடித்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்து, வெளியே போய், 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலும் அதேதான். அஞ்சலெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். லண்டனின் கிழக்கே இல்ஃபர்டில் முதல் மாடி ஃபிளாட், கணவன் மனைவி, நான்கு மாதக் குழந்தை. இரவு வெளியே மைனஸ் 5 டிகிரிக்குப் போயிருக்கிறது. பாய்லர் கொட கொடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடுகிறது. திரையில் F.28. அவர்கள் முதலில் ஏஜென்டின் அவசர எண்ணுக்குப் பேசுகிறார்கள். பிறகு எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் போகும் அந்த அஞ்சலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

பொருள்: அவசரம். ஹீட்டிங்கும் வெந்நீரும் இல்லை. (முழு முகவரி.) ஜனவரி 9 காலை முதல்.

‘வணக்கம். இன்று காலை 7.10க்கு உங்கள் அவசர எண்ணில் பேசியதை எழுத்தில் உறுதிசெய்கிறேன். நேற்று இரவு 11 மணி வரை ஹீட்டிங் வேலை செய்தது. இன்று காலை 6.30 முதல் ஹீட்டிங்கும் இல்லை, வெந்நீரும் இல்லை. பாய்லர் சமையலறையில் இருக்கிறது. மாடல் பெயர்ப் பலகையின் படத்தை இணைத்திருக்கிறேன். திரையில் F.28 என்று வருகிறது. அழுத்தம் 1.3 பார். கேஸ் அடுப்பு எரிகிறது, மீட்டரில் பணம் இருக்கிறது, ஃபியூஸ் பெட்டியில் எதுவும் விழவில்லை. கையேட்டின்படி ஒருமுறை ரீசெட் செய்தோம், கொட கொடவென்ற சத்தத்துக்குப் பிறகு மீண்டும் நின்றுவிட்டது. கேஸ் வாசனை இல்லை, அலாரம் ஒலிக்கவில்லை. கழிவுநீர்க் குழாய் வெளியே உறைந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அது முதல் மாடி உயரத்தில் வெளிச்சுவரில் ஓடுகிறது, எங்களால் எட்டிப் பிடிக்க முடியாது, ஏணியோடு ஆள் வர வேண்டும். வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. காலை 8 மணிக்குக் கூடத்தில் 13 டிகிரி. இன்று நாள் முழுவதும் வீட்டில் இருப்போம். 24 மணி நேர முன்னறிவிப்பு இல்லாமலே இன்ஜினியர் வரலாம். கார் நிறுத்த வருகையாளர் அனுமதி நாங்கள் தருகிறோம். இன்றே ஆள் வருவாரா, எத்தனை மணிக்கு என்று மதியத்துக்குள் சொல்லுங்கள். இன்று முடியாதென்றால் எங்களுக்கு இரண்டு மின் ஹீட்டர்கள் தேவை, அதற்கு என்ன ஏற்பாடு என்றும் தெரிவியுங்கள்.’

நம்மவர்கள் முதலில் எழுதும் ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கோபமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் வேலையைக் குறைக்கிறது.

கொட கொடச் சத்தத்தையும் குழாயையும் பற்றிய வரிகள்தான் இதில் விலை மதிப்புள்ளவை. 2005க்குப் பிறகு இங்கிலாந்தில் பொருத்தப்பட்ட கேஸ் பாய்லர்கள் ஏறத்தாழ எல்லாமே புகையிலிருக்கும் வெப்பத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் வகை. அப்படிப் பிடிக்கும்போது புகையிலுள்ள நீராவி தண்ணீராகிச் சொட்டுகிறது. அந்தத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. குழாய் மெல்லியதாக இருந்து, மூடாக்கு இல்லாமல் வெளிச்சுவரில் நீளமாக ஓடினால், உறைபனி இரவில் சொட்டுகள் உள்ளேயே பனிக்கட்டியாகி அடைத்துவிடும். தண்ணீர் பாய்லருக்குள் திரும்பித் தேங்குகிறது, அதுதான் அந்தச் சத்தம். சுடர் பிடிக்காமல் பாய்லர் நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் எதுவும் கெட்டிருக்காது. தரைத் தளத்து வீடாக இருந்தால் குழாயின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி நாமே சரிசெய்துகொள்ளலாம். கொதிநீர் மட்டும் ஆகாது, குழாய் வெடித்துவிடும். மாடி வீட்டில் ஏணி ஏறி அந்தச் சாகசத்தைச் செய்ய வேண்டாம். இந்த வரிகள் இல்லாவிட்டால் இன்ஜினியர் உதிரிபாகங்களோடு வந்து நின்று, ஏணி இல்லையே என்று திரும்பிப் போவார்.

மற்ற வரிகளுக்குச் சட்டத்தில் வேலை இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஹீட்டிங்கையும் வெந்நீர் அமைப்பையும் இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் தலையில் வைக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஏற்படும் பழுதுக்கு அந்தப் பொறுப்பு பொதுவாக அவருக்குத் தகவல் போன பிறகுதான் தொடங்கும். தேதியும் நேரமும் எழுத்தில் இருப்பது அதற்காகத்தான், தொலைபேசியில் பேசியதை அஞ்சலில் திரும்பச் சொல்வதும் அதற்காகத்தான். எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் எண் சொல்லவில்லை. ‘நியாயமான காலம்’ என்கிறது, அது சூழ்நிலையைப் பொறுத்தது. ஜூலையில் ஒரு வாரம் நியாயமாக இருக்கலாம். ஜனவரியில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில், ஒரு வாரம் நியாயமாகாது. அதனால்தான் குழந்தையும் 13 டிகிரியும் அஞ்சலில் இடம்பெறுகின்றன. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. ‘மிகவும் குளிர்’ என்று எழுதினால் ஏஜென்ட் தலையாட்டிவிட்டுப் போகலாம். 13 என்ற எண்ணும் தெர்மாமீட்டரின் படமும் போனால் கோப்பில் நிற்கும்.

மின் ஹீட்டரைப் பற்றிக் கேட்டதிலும் கணக்கு இருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு 2 யூனிட் மின்சாரம் குடிக்கும். இரண்டு ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 32 யூனிட். யூனிட்டுக்கு 25 பென்ஸ் என்று வைத்தாலும் எட்டு பவுண்டு ஆகிவிடுகிறது. இந்தச் செலவைத் தானாகத் திருப்பித் தர வேண்டும் என்று எங்கும் கட்டாயமில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே முதல் நாளே மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹீட்டர்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள், அதன் 13 ஆம்பியர் வரம்பைத் தாண்டிவிடும். கோபத்தில் வாடகையை நிறுத்தவும் வேண்டாம். பாக்கி சேர்ந்தால் நீதிமன்றத்தில் நாம்தான் குற்றவாளிக் கூண்டின் பக்கம் தள்ளப்படுவோம்.

மதியம் தாண்டியும் பதில் இல்லையென்றால் அதே அஞ்சலின் கீழேயே தொடர்ந்து எழுத வேண்டும், புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாது. மறுநாளும் அசையவில்லை என்றால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு அந்தச் சங்கிலியை அப்படியே அனுப்பலாம். 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி வீட்டைச் சோதித்து உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஏஜென்டின் நடத்தையைப் பற்றி முறைப்படி புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் அவர் சேர்ந்திருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். இங்கிலாந்தில் எந்த லெட்டிங் ஏஜென்டும் அப்படி ஓர் அமைப்பில் சேராமல் தொழில் செய்யக் கூடாது. ஆனால் அது பணத்துக்கும் மன்னிப்புக்குமான வழி. அன்றைய குளிருக்கு உதவாது.

நம் இல்ஃபர்டு வீட்டில் ஏணியோடு ஆள் வந்து, பனிக்கட்டியைக் கரைத்து, மூன்று மணிக்குள் பாய்லரை ஓடவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டார் அன்றே இன்னோர் அஞ்சல் எழுத வேண்டும். ஹீட்டிங் எத்தனை மணிக்குத் திரும்பியது, இன்ஜினியர் என்ன சொன்னார், குழாய் அதே மெல்லிய குழாய்தான், அடுத்த உறைபனி இரவில் மறுபடியும் அடைக்கும், அதனால் வெளியே ஓடும் பகுதியைக் குறைந்தது 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி மூடாக்குப் போட எப்போது ஆள் வருவார் என்று கேட்டு.