கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு: பஸ் டிக்கட்டின் விலை எங்கிருந்து வருகிறது?

மண்சரிவுக்குப் பயந்தோ, நீர்த்தேக்கத்துக்கு நிலம் போனதாலோ இடம்மாறி வந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "முன்பு இருந்த இடத்திலிருந்து தோட்டத்துக்கு நடந்தே போனோம். இப்போது பஸ்ஸில் போகிறோம். தூரம் என்னவோ கொஞ்சம்தான், காசு மட்டும் அதிகமாகப் போகிறது" என்கிறார்கள். கொண்டக்டர் ஏமாற்றுகிறார் என்று சிலர் நினைக்கிறார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்தக் கணக்கு நாம் நினைக்கிற கணக்கு அல்ல என்பதே சங்கதி.

நாம் கொடுக்கும் காசு கிலோமீற்றருக்கு அல்ல, பிரிவுக்கு. பஸ்ஸில் இதை 'செக்‌ஷன்' என்பார்கள். பஸ் புறப்படும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரையுள்ள பாதையை அளந்து, சுமார் 2 கிலோமீற்றருக்கு ஒரு பிரிவு என்று வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அடையாளத்தின் பெயரை வைக்கிறார்கள். ஒரு சந்தி, ஒரு கோயில், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு பாலம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். ஆள் ஏறி இறங்க வசதியான இடம் சரியாக 2 கிலோமீற்றரில் அமையாது. ஆகவே ஒரு பிரிவு கொஞ்சம் நீளமாகவும் அடுத்தது கொஞ்சம் குறுகியதாகவும் இருக்கும்.

அளப்பது பஸ் ஓடும் வீதியின் வழியேதான். மலைநாட்டில் இதை மறந்துவிடக்கூடாது. லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடும் இடத்துக்கு, வீதி நாலு வளைவு சுற்றிப் போகலாம். டிக்கட்டுக்கு அந்த வளைவுகள் எல்லாம் தூரம்தான்.

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, ரொசல்ல வழியாக ஹற்றனுக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். இது ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கணக்குக்குச் சுலபமாக, சரியாக 20 என்றும், பிரிவு ஒவ்வொன்றும் சரியாக 2 கிலோமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். கினிகத்தேனை 0 ஆம் இலக்கம், ஹற்றன் 10 ஆம் இலக்கம். இடையில் 1 முதல் 9 வரை ஒன்பது அடையாளங்கள். முழுப் பாதைக்கும் போகிறவர் 10 பிரிவுக்குக் காசு கொடுக்கிறார். இதில் சிக்கல் எதுவும் இல்லை.

இரண்டு அடையாளங்களுக்கு இடையில் ஏறுகிறவருக்குத்தான் சிக்கல். பிரிவு முறையில் பொதுவான விதி இது: ஏறும் இடத்துக்குப் பின்னால் உள்ள அடையாளத்திலிருந்து கணக்குத் தொடங்கும், இறங்கும் இடத்துக்கு முன்னால் உள்ள அடையாளத்தில் முடியும். பாதிப் பிரிவு என்று ஒன்று கிடையாது.

ஒரு குடும்பத்தின் புதிய வீடு 4 ஆம் அடையாளத்துக்கு 200 மீற்றர் முன்னால், கினிகத்தேனைப் பக்கமாக இருக்கிறது என்று வைப்போம். அவர்களுடைய மரக்கறித் தோட்டம் 5 ஆம் அடையாளத்தைத் தாண்டி 200 மீற்றரில் இருக்கிறது. பஸ்ஸில் உண்மையாகப் போகும் தூரம் 2 கிலோமீற்றர் 400 மீற்றர் மட்டுமே. ஆனால் டிக்கட் 3 ஆம் இலக்கத்திலிருந்து 6 ஆம் இலக்கம் வரை எழுதப்படும். அது மூன்று பிரிவு, அதாவது 6 கிலோமீற்றருக்கான காசு. அதே ஆள் வீட்டிலிருந்து 200 மீற்றர் நடந்து 4 ஆம் அடையாளத்தில் ஏறினால் இரண்டு பிரிவு. 5 ஆம் அடையாளத்தில் இறங்கி மிச்சத்தையும் நடந்தால் ஒரே பிரிவு, ஆகக் குறைந்த கட்டணம். முதுகில் மூட்டை இருந்தால் நடக்க மனம் வராது என்பது நமக்கும் தெரியும். வெறுங்கையோடு போகும் நாட்களிலாவது இது உதவும்.

இனி விலைக்கு வருவோம். ஒரு பஸ் ஒரு கிலோமீற்றர் ஓட என்ன செலவு என்பதே அடிப்படை. டீசல், டயர், எண்ணெய், திருத்தவேலை, சாரதிக்கும் கொண்டக்டருக்கும் சம்பளம், பஸ் வாங்கிய கடனின் தவணை எல்லாம் அதில் சேரும். அந்தச் செலவைச் சராசரியாக எத்தனை பேர் பஸ்ஸில் இருக்கிறார்களோ அத்தனையால் பிரித்தால், ஓர் ஆளுக்கு ஒரு கிலோமீற்றருக்கு விழும் பங்கு வரும். உதாரணத்துக்கு, செலவு 200 ரூபா, ஆட்கள் 40 பேர் என்றால் பங்கு 5 ரூபா. அதே பஸ்ஸில் 25 பேர்தான் என்றால் 8 ரூபா. நம் மலை வீதியில் டீசல் அதிகம் எரியும், நடுப்பகலில் பஸ் பாதி காலியாக ஓடும். ஆனாலும் சாதாரண பஸ்ஸுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணைதான் தயாரிக்கப்படுகிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு தயாரிக்கும் அந்த அட்டவணையையே மாகாணங்களும் பொதுவாகப் பின்பற்றுகின்றன. சில நேரங்களில் மலைப் பாதைக்கு ஏன் பஸ் விட ஆள் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

இந்தப் பங்கிலிருந்து ஒவ்வொரு பிரிவின் விலையும் எப்படி வருகிறது என்பதை நம் நாட்டு அட்டவணையைப் பார்த்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அது 350 பிரிவுகள் வரை போகும் நீண்ட அட்டவணை. பல வருடங்களாக ஒவ்வொரு திருத்தத்திலும் சதவீதத்தால் கூட்டியும் குறைத்தும் வந்தது. ஆகவே கணக்கை வெளிப்படையாக வைத்திருக்கும் அயலிடம் ஒன்றைப் பார்ப்போம். கேரளத்தில் 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த சாதாரண பஸ் கட்டணம் அப்படிப்பட்டது. அங்கே ஒரு பிரிவு இரண்டரை கிலோமீற்றர். முதல் பிரிவுக்கு 10 இந்திய ரூபா. அதற்குப் பிறகு கிலோமீற்றருக்கு 1 ரூபா. சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

போட்டுப் பார்ப்போம். இரண்டாம் பிரிவு முடியும் இடம் 5 கிலோமீற்றர். முதல் இரண்டரைக்கு 10, மிச்சம் இரண்டரைக்கு இரண்டரை ரூபா, ஆக பன்னிரண்டரை. அரை ரூபாவை மேலே தள்ளி 13 என்று எழுதுகிறார்கள். மூன்றாம் பிரிவு ஏழரை கிலோமீற்றர், சரியாக 15 ரூபா. நான்காம் பிரிவு 10 கிலோமீற்றர், பதினேழரை, அது 18 ஆகிறது. இப்படியே போய் 20 கிலோமீற்றரில் இருபத்தேழரை, அது 28. விலை ஒரு தடவை 3 ரூபாவாலும் அடுத்த தடவை 2 ரூபாவாலும் ஏறுவது இதனால்தான். சில்லறை இல்லாத அரை ரூபாவின் வேலை அது.

முதல் பிரிவில் ஒரு கிலோமீற்றர் 4 ரூபா விழுகிறது, 20 கிலோமீற்றர் போனவருக்கோ 1 ரூபா 40 சதம்தான். குறுந்தூரம் போகிறவர்கள் ஏழைகள்தானே, அவர்களுக்கு ஏன் இந்த விலை என்று கேட்கலாம். ஒருவரை ஏற்றி இறக்க பஸ் நிற்க வேண்டும், ஏற்றத்தில் மறுபடி முதல் கியரில் கிளம்ப வேண்டும், டிக்கட் எழுத வேண்டும், அவர் இறங்கியபின் அந்த இடம் கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். 2 கிலோமீற்றர் போனாலும் 20 போனாலும் இந்தச் செலவு ஒன்றே. அதை முதல் பிரிவின் தலையில் வைத்துவிடுகிறார்கள். நம் அட்டவணையிலும் இதே போக்குத்தான்: ஆகக் குறைந்த கட்டணம் பெரியது, பிறகு வரும் பிரிவுகளின் ஏற்றம் சிறியது.

இடம்பெயர்ந்தவர்களை அதிகமாகக் கடிப்பது இந்த முதல் பிரிவுதான். பழைய இடத்திலிருந்து ஒரே பஸ்ஸில் சந்தைக்குப் போனவர், புதிய இடத்திலிருந்து சந்தியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். தூரம் அதேதான் என்று வைத்தாலும், முதல் பிரிவின் விலையை அவர் இரண்டு தடவை கொடுக்கிறார். கேரளக் கணக்கில் பார்த்தால், 10 கிலோமீற்றரை ஒரே பஸ்ஸில் போனால் 18. ஐந்து ஐந்தாக இரண்டு பஸ்ஸில் போனால் 13 உம் 13 உம், 26. போக வர 16 ரூபா கூடுதல், மாதம் 25 நாள் போனால் 400 ரூபா. கொண்டக்டர் யாரும் ஒரு சதம்கூட அதிகமாக வாங்காமலேயே இது நடக்கிறது. ஆகவே புதிய குடியேற்றத்துக்குப் பஸ் கேட்கும்போது, சந்தி வரை மட்டும் ஓடும் பஸ்ஸைக் கேட்பதைவிட, நகரம் வரை நேரே போகும் பஸ்ஸைக் கேட்பது நல்லது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்தால்கூடப் போதும்.

நம் அட்டவணை திருத்தப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002 இல் வகுக்கப்பட்ட கொள்கைப்படி 12 வகைச் செலவுகளின் விலை மாற்றத்தைப் பார்த்து வருடத்துக்கு ஒரு முறை, ஜூலையில், கட்டணம் மாற்றப்படும். டீசல் விலை திடீரென மாறினால் இடையிலும் மாற்றுவார்கள். 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த கட்டணம் அதே வருட ஜூலையில் 40 ரூபாவைத் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. 2024 ஜூலையில் 5.07 சதவீதம் குறைத்தபோது 30 ரூபா, கணக்குப்படி 28 ரூபா 48 சதம் ஆனது, 28 என்று வைத்தார்கள். 2025 ஜூலையில் 0.55 சதவீதம் குறைத்தார்கள். அப்போது ஆகக் குறைந்த கட்டணம் 27 ரூபா. அதில் 0.55 சதவீதம் 15 சதம்தான், ஆகவே அந்த டிக்கட் மாறவில்லை. "கட்டணம் குறைந்தது என்று வானொலியில் சொன்னார்களே" என்று கொண்டக்டரோடு சண்டை பிடிக்குமுன், உங்கள் பிரிவுக்குரிய வரியைப் பாருங்கள். குறைப்பு நீண்ட தூரத்தில்தான் கையில் தெரியும்.

உங்கள் டிக்கட் சரியா என்று பார்க்க, ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் அடுத்துள்ள கிலோமீற்றர் கற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹற்றன் வீதி அவிசாவளையில் தொடங்குவதால் கற்களின் எண் ஹற்றனை நோக்கி ஏறிக்கொண்டே போகும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து இரண்டால் பிரித்தால் பிரிவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ வரும். கொண்டக்டர் கேட்பது அதைவிட ஒரு பிரிவோ, இரண்டு முனையும் இடையில் விழுந்தால் இரண்டு பிரிவோ கூடுதலாக இருந்தால் அது விதிக்கு உட்பட்டதாகவே இருக்கும். அதற்கும் மேலே போனால் டிக்கட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஏறிய இடம், இறங்கும் இடம், விலை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கட் இல்லாமல் முறைப்பாட்டுக்குப் பலம் இல்லை. மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்ஸானால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு 1955 என்ற இலக்கத்தில் சொல்லலாம். மத்திய மாகாணத்துக்குள்ளேயே ஓடும் தனியார் பஸ்ஸானால் மாகாணத்தின் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைதான் பொறுப்பு.

குடியேற்றத்துக்கு எதிரே புதிதாக ஓர் அடையாளம் போடும்படி கேட்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கேட்கலாம், ஆனால் கவனம் தேவை. 3 க்கும் 4 க்கும் நடுவில் புதிய அடையாளம் ஒன்றைச் செருகினால், அந்தப் பகுதியைக் கடந்து போகும் எல்லாருக்கும் ஒரு பிரிவு கூடிவிடும். கினிகத்தேனையிலிருந்து ஹற்றன் போகிறவர் 10 க்குப் பதில் 11 பிரிவு கொடுக்க நேரும், உங்களுக்கும் நகரத்துக்குப் போகும் செலவு குறையாது. அதனால் புதிய அடையாளம் கேட்காமல், 4 ஆம் அடையாளத்தை 200 மீற்றர் இந்தப் பக்கம் நகர்த்தும்படி கேளுங்கள். எண்ணிக்கை மாறாது, அயலில் உள்ள ஓரிரு வீட்டாரைத் தவிர யாருக்கும் நட்டமும் வராது. அவர்களோடு முன்கூட்டியே பேசிவிட்டு, இரு பக்கத்தாரும் கையெழுத்திட்ட கடிதமாக, அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லின் எண்ணையும் குறிப்பிட்டு அனுப்புங்கள்.