ஞாயித்துக்குடம் ஊத்தியாச்சா?

தெருமுனையில் ஒரு பேனர்: ‘பசுமைப் பெருவிழா – மாபெரும் மரக்கன்று நடும் நிகழ்ச்சி’. ஆறு மாதம் கழித்து அதே தெருவில் யாரையாவது நிறுத்தி, அந்த நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். “அதாங்க, டீயும் சமோசாவும் குடுத்தாங்களே, அது” என்பார்கள். பேனரில் எழுதியது யார் மனதிலும் தங்கவில்லை. சமோசாதான் பெயராக நின்றுவிட்டது.

இதில் மக்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசுமை, தூய்மை, எழில், சோலை என்ற சொற்களை மனைப்பிரிவு விளம்பரத்திலும் பார்க்கிறோம், அரிசி மூட்டையிலும் பார்க்கிறோம். எதற்கும் பொருந்துகிற சொல் எதோடும் ஒட்டாது. அதோடு, ‘பசுமைப் பெருவிழா’வைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குத் தான் என்ன செய்யவேண்டும் என்பது தெரிவதில்லை. நடுபவர்கள் நடுவார்கள், நாம் கைதட்ட வேண்டும்போல என்று நினைத்துக்கொள்கிறார். விழா என்று கூப்பிட்டால் பார்வையாளர்தான் வருவார்.

ஒட்டிக்கொண்ட பெயர் ஒன்றைப் பார்ப்போம். 1973-ல் இமயமலைச் சரிவில், சமோலி மாவட்டத்து மண்டல் கிராமத்தில், விளையாட்டுப் பொருள் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு மரங்களைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்று ஊர் முடிவெடுத்தது. அந்தப் போராட்டத்துக்கு நிலைத்த பெயர் ‘சிப்கோ’. ‘ஒட்டிக்கொள்’ என்று பொருள். ஒரே ஒரு ஏவல் வினை. காடு, சூழல், பாதுகாப்பு எதுவுமே அதில் இல்லை. பெயரைக் கேட்டவுடன் கை எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

பத்து வருடம் கழித்து, 1983-ல், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் அதே வேலை தொடங்கியபோது இந்திச் சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. கன்னடத்தில் ‘அப்பிகோ’ என்று வைத்தார்கள். ‘தழுவிக்கொள்’ என்று பொருள். நமக்கும் அது அந்நியமில்லை. வயலில் இறங்கிய காலில் சேறு அப்பிக்கொள்கிறது என்று நாமும் சொல்கிறோம்தானே? சிப்கோவின் ஓசையும் அதில் இருக்கிறது, அந்த ஊர்ப் பேச்சும் இருக்கிறது. வெளியூர்ப் பெயரை எடுத்தாள நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’. அது மரத்துக்கோ தெருக் கூட்டலுக்கோ வைத்த பெயரில்லை, பிளாஸ்டிக் பைக்கு எதிரானது. ஆனால் பெயர் வைக்கிற எவரும் அதைக் கூர்ந்து பார்க்கவேண்டும். அரசுத் தமிழில் ‘மஞ்சள் பை’ என்று எழுதியிருக்கலாம். வாய் சொல்கிறபடியே ‘மஞ்சப்பை’ என்று விட்டார்கள். ஒரு காலத்தில் மஞ்சப்பை என்றால் பட்டணத்தில் கிண்டல். கிராமத்தான் என்பதற்கு இன்னொரு சொல். அந்தக் கிண்டல் எல்லாருக்கும் நினைவிருந்ததால்தான் ‘மீண்டும்’ என்ற சொல்லுக்கு அத்தனை கனம் வந்தது. எடுத்துச் செல்லவேண்டிய பொருள் பெயரிலேயே இருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது நினைவுக்கு வர வேறெதுவும் தேவையில்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். நாற்பது வீடு, இருபது கன்று என்று ஒரு தெருவை வைத்துக்கொள்ளுங்கள். புங்கையும் பூவரசும் வேம்பும் வாங்கியாயிற்று. பெயர் வைக்க மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருக்கிறார்கள்.

முதலில் வருவது ‘ஜூன் 5’. உலகச் சுற்றுச்சூழல் நாள், நல்ல நாள்தானே என்பார் ஒருவர். சென்னையிலோ மற்ற கடலோர மாவட்டங்களிலோ அந்தப் பெயரை வைத்தால், பெயருக்காகவே ஜூனில் நடவேண்டி வரும். அப்போது வெயில் தணிந்திருக்காது. இந்தப் பக்கத்துக்குப் பெருமழை அக்டோபரில்தான். தென்மேற்குப் பருவமழை எட்டுகிற மேற்கு மாவட்டங்களுக்கு ஜூன் சரி. தேதியைப் பெயராக வைத்தால் மழையும் அந்தத் தேதிக்கு வரவேண்டும்!

அடுத்தது எண். ‘நூறு மரம்’, ‘ஆயிரம் மரம்’. கேட்க எடுப்பாக இருக்கும். ஆனால் நட்ட அன்றே அந்த எண் நிறைவேறிவிடுகிறது, மறுநாள் முதல் குறைய ஆரம்பிக்கிறது. அடுத்த கோடையில் ‘நூறு மரத்துல எத்தனை மிச்சம்?’ என்று டீக்கடையில் கேலி வரும். எண்ணை நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம், பெயரில் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் கூட்டம் ஒரு விஷயத்தைக் கண்டுகொள்ளவேண்டும். நடுவது ஒரு நாள் வேலை, அதற்கு ஆள் கிடைத்துவிடும். கன்று சாவது பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில், யாரும் தண்ணீர் ஊற்றாததால். ஆகவே அக்கம்பக்கத்தார் வரவேண்டிய வேலை நடுவதல்ல, ஊற்றுவது. பெயரும் அந்த வேலைக்குத்தான் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரு கன்று. ஆளுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முறை வைத்தாலும் கன்றுக்கு வாரம் ஒரு குடம் உறுதி. அப்படியானால் ‘ஒரு குடம்’ என்றே வைத்துவிட்டால் என்ன?

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, “ஒத்தைக் குடம்னா சுடுகாட்டு நினைப்புதான்டா வருது எனக்கு” என்பார். கொள்ளி வைக்கும்போது தோளில் குடம் ஏந்திச் சுற்றி உடைப்பது அவர் கண்முன் வருகிறது. இன்னொருவர், தண்ணீர்ப் பஞ்சத்தில் காலிக்குடத்தோடு மறியல் செய்த கதையை எடுப்பார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளினால் அந்தப் பாட்டி வீட்டுக் குடம் வராது. சொல்லுக்கு ஊரில் ஏற்கெனவே என்ன நினைப்பு இருக்கிறது என்று வயதானவர்களிடம் கேட்காமல் பேனர் அடிக்கக்கூடாது. கட்சி நிறம், சாதித் தெருப் பெயர், ஒரு கோயிலுக்கு மட்டும் உரிய சொல் இவற்றையும் அப்போதே யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள்.

‘நிறைகுடம்’ என்று ஒருவர் மாற்றிப் பார்க்கிறார். மங்கலமாக இருக்கிறது, பாட்டிக்கும் சம்மதம். ஆனால் ‘நிறைகுடம் தளும்பாது’ என்ற பழமொழி உடனே கூட வந்து ஒட்டிக்கொள்கிறது. யாரோ தங்களை அறிவாளி என்று சொல்லிக்கொள்வதுபோல ஆகிவிடும். சங்கத்துக்குப் பொருந்தும், தண்ணீர் ஊற்றப் பொருந்தாது. கடைசியில் யாரோ கிழமையைச் சேர்க்கிறார்கள்: ஞாயிற்றுக்குடம். இன்னொருவர் அதை வாய் சொல்கிறபடி ‘ஞாயித்துக்குடம்’ ஆக்குகிறார். கிழமை முன்னால் வந்ததும் ஒற்றைக்குடத்தின் துக்கம் போய்விட்டது. என்றைக்கு, எதை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்ற இரண்டுக்கும் பதிலும் அதிலேயே இருக்கிறது.

பிடிக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எழுதிக் காட்டாமல் போனில் மூன்று பேரிடம் பெயரைச் சொல்லுங்கள், அதுவும் சந்தை இரைச்சலில் நிற்பவர்களிடம் சொன்னால் இன்னும் நல்லது. மறுநாள் “நேத்து என்ன பேர் சொன்னேன்?” என்று கேளுங்கள். மூவரும் அதையே சொன்னால் வைத்துக்கொள்ளலாம். மூவரும் வேறு ஒன்றை, ஒரே மாதிரித் திரித்துச் சொன்னால் அந்தத் திரிந்ததுதான் உங்கள் பெயர்; வீம்பு பிடிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெயரைக் கேள்விக்குள் வைத்துப் பாருங்கள். “ஞாயித்துக்குடம் ஊத்தியாச்சா?” என்று மாடிக்கு மாடி கேட்க முடிகிறது. “பசுமைப் பெருவிழா ஆச்சா?” என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னச் சிக்கல். நகர்ப் பெயர், தெருப் பெயர், சங்கப் பெயர் என்று எழுதிக் கடைசியில் ஞாயித்துக்குடத்தை வைத்தால், போன் திரையில் பின்பாதி தெரியாமல் போகும். ஏற்கெனவே இருக்கிற குடியிருப்போர் குழுவும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். பெயரை முதலில் எழுதி, தெருவைப் பின்னால் எழுதவேண்டும்.

குப்பை வேலைக்கு இதே பெயர் உதவாது, ஆனால் வழி அதுதான். ‘தூய்மை’யை விட்டுவிட்டு, இடத்தை ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படிச் சொல்லவேண்டும். வரைபடத்தில் என்ன எழுதியிருந்தாலும், எல்லாரும் ‘மோட்டாங்கரை’ என்றால் அதுவே பெயரின் முதல் பாதி. மறுபாதிக்கு வினை வேண்டும். எஸ்தோனியாவில் 2008 மே 3-ஆம் தேதி சுமார் 50,000 பேர் இறங்கி நாடு முழுக்கக் கிடந்த குப்பையை அள்ளினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘தேமே எரா’: செய்து முடிப்போம். ‘மோட்டாங்கரை கூட்டுவோம்’ என்றால் துடைப்பம் கொண்டுவரச் சொல்லித் தனியாக நோட்டீஸ் வேண்டியதில்லை.

பெயரால் ஆகாதது எது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஞாயித்துக்குடம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. கத்திரி வெயிலில் வாரம் ஒரு குடம் போதாது, மணற்பாங்கான மண்ணாக இருந்தால் சுத்தமாகப் போதாது. மதியம் தளிர் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் கவலையில்லை. விடியற்காலையிலும் துவண்டே இருந்தால் அடியில் ஈரமில்லை என்று அர்த்தம். அப்போது புதன்கிழமையும் ஒரு குடம் வேண்டும். பெயர் ஞாயிறு என்பதால் புதனை மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்கு ஒரே வழி, ஏப்ரல் முதல் தேதி யாராவது ஒருவர் குழுவில் ‘புதன் குடமும் உண்டு’ என்று எழுதுவதுதான்.

மூன்றாவது கோடை தாண்டினால் புங்கைக்கும் வேம்புக்கும் பெரும்பாலும் யாரும் குடம் தூக்கவேண்டியதில்லை. அப்போது பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து அந்தப் பெயரைக் கேட்டால் கொடுத்துவிடலாம். அவர்களுக்கு ஞாயிறு தோதுப்படாது என்றால் வெள்ளிக்குடம் என்று வைத்துக்கொள்ளட்டும்.