வேலை ஓடவில்லை: விடுமுறையா, பழுதா?

2023-இல் மும்பைப் பங்குச் சந்தைகளின் விடுமுறைப் பட்டியலில் பக்ரீத், ஜூன் 28 புதன்கிழமை என்று அச்சாகியிருந்தது. பண்டிகை 29-ஆம் தேதி என்று உறுதியானதும் விடுமுறை வியாழக்கிழமைக்கு மாறியது. புதனன்று வழக்கம்போல் வர்த்தகம் நடந்தது. சாதாரண புதனும் அல்ல. மாதாந்தர எதிர்கால ஒப்பந்தங்கள் முடியும் நாள் அப்போது மாதத்தின் கடைசி வியாழன். அது விடுமுறையானால் முந்தைய வர்த்தக நாள். ஆகவே கணக்கு முடிக்கும் நாளும் புதனுக்கு வந்து சேர்ந்தது.

மனிதர்கள் செய்தி பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

தரகு அலுவலகங்களில் சந்தை மூடிய பிறகுதான் கணினிகளுக்கு வேலை அதிகம். அன்றைய விலைக் கோப்பை இறக்குவது, வாடிக்கையாளர் கணக்கைச் சரிபார்ப்பது, மறுநாளுக்கான மார்ஜின் போடுவது எல்லாம் ‘ஷெட்யூலர்’ என்ற மென்பொருள் நேரம் பார்த்து ஓட்டும் ‘ஜாப்’கள். எந்தெந்த நாளில் ஓட்டக்கூடாது என்பதை அதற்குள் உள்ள விடுமுறைக் கேலண்டர் சொல்கிறது.

பழைய பட்டியலைத் திருத்த மறந்த ஓர் அலுவலகத்தில் என்ன நடக்கும்? புதன் இரவு ஷெட்யூலர் கேலண்டரைப் பார்க்கிறது, ‘விடுமுறை’ என்று இருக்கிறது, ஜாப்களைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. திரையில் சிவப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. பணியில் இருப்பவர் கேலண்டரைத் திறந்து பார்த்தாலும் ‘லீவு’ என்ற பதில்தான் கிடைக்கும். வியாழன் இரவோ ஜாப்கள் முறையாகக் கிளம்பி, வராத விலைக் கோப்புக்காகக் காத்திருந்து, நேரம் கடந்ததும் அலறும். உண்மையான பழுது புதனன்று அமைதியாகக் கிடந்தது. வியாழன் எழுந்த கூச்சலுக்குக் காரணம் வெறும் விடுமுறை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ‘ஜாப் ஏன் ஓடவில்லை’ என்பதல்ல, ‘எந்த விதத்தில் ஓடவில்லை’ என்பது. தொடங்கிப் பாதியில் விழுந்திருந்தால் லாக்கில் தடயம் இருக்கும். அது விடுமுறை ஆகாது. பட்டியலில் ஏறிக் கோப்புக்காகக் காத்திருந்தால், கோப்பை அனுப்ப வேண்டியவர்களுக்கு அன்று விடுமுறையா என்று பார்க்க வேண்டும். அன்றைய பட்டியலில் பெயரே இல்லையென்றால்தான் நம்முடைய கேலண்டர்மீது சந்தேகம் திரும்பும்.

ஷெட்யூலரே படுத்துவிட்டாலும் பட்டியலில் பெயர் இராது. இதைப் பிரித்தறிய அனுபவசாலிகள் பக்கத்து ஜாப்களைப் பார்ப்பார்கள். தரவு பேக்கப் போன்றவை விடுமுறை பாராமல் தினமும் ஓடுபவை. அவை ஓடியிருந்தால் ஷெட்யூலர் உயிரோடு இருக்கிறது. அதே கேலண்டரோடு கட்டப்பட்ட எல்லா ஜாப்களும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தால் காரணம் கேலண்டர். ஒன்று மட்டும் காணவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அந்த ஜாப்பின் அமைப்பில் இருக்கும்.

கேலண்டர்தான் காரணம் என்று தெரிந்தாலும் விசாரணை முடியவில்லை. அந்தத் தேதியை யார், எப்போது உள்ளிட்டார்கள்? சந்தையின் கடைசிச் சுற்றறிக்கையோடு அது ஒத்துப்போகிறதா? நம்முடைய கேலண்டரையே சாட்சியாக வைத்து நம்முடைய கேலண்டரைச் சரிபார்க்க முடியாது. அன்று சந்தையில் வியாபாரம் நடந்ததா என்பதே கடைசித் தீர்ப்பு.

கேலண்டர் சரியாக இருந்தும் ஏமாற்றும் இடம் நள்ளிரவு. புதன் வர்த்தகத்தின் கணக்கு முடிப்பு வியாழன் அதிகாலை ஒரு மணிக்கு ஓட வேண்டும் என்று வையுங்கள். கடிகாரத்தில் தேதி 29. கேலண்டரில் 29 விடுமுறை. ஜாப் நின்றுவிடும், ஆனால் அது முடிக்க வேண்டியது வேலை நாளான புதனின் கணக்கு. இத்தகைய ஜாப்களுக்குக் கடிகாரத் தேதியைக் கொடுக்காமல், வர்த்தகத் தேதியைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு மறுநாள் காலை கணக்கு இடிக்கும்போது, நான் முதலில் தேடச் சொல்வது இந்தத் தவறைத்தான்.

கேலண்டரே இல்லாத எளிய ஏற்பாடுகளும் உண்டு. லினக்ஸ் கணினியின் கிரான் வசதியில்

```
0 20 * * 1-5
```

என்று எழுதினால் திங்கள் முதல் வெள்ளி வரை இரவு எட்டு மணிக்கு ஜாப் ஓடும். பண்டிகை எதுவும் அதற்குத் தெரியாது. சனிக்கிழமை வர்த்தகமும் தெரியாது. 2024 ஜனவரி 20 சனிக்கிழமை சந்தை முழுநாள் நடந்தது. அயோத்தி ராமர் கோயில் விழாவுக்காக 22 திங்களன்று மூடியிருந்தது. இந்த ஒரு வரியை மட்டும் நம்பியவர்களுக்குச் சனிக்கிழமைக் கணக்கு விட்டுப்போயிருக்கும், திங்களன்று வீண் எச்சரிக்கை வந்திருக்கும்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘லீவு’ என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகுமுன், அன்றைய சந்தைச் சுற்றறிக்கையைத் திறந்து பார்த்து, அதன் எண்ணையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.