பெட்டிக்குள் யார் பக்கத்தில் யார்

தீபாவளி நெருங்கினால் இனிப்புக்கடை மேசையில் பித்தளைத் தாம்பாளம் ஏறிவிடும். நடுவில் கோபுரமாக லட்டு, சுற்றிலும் மைசூர்பாகு, ஓரத்தில் பாகு மினுங்கும் ஜாங்கிரி, இடைவெளியில் பால்கோவா. ஆர்டர் கொடுக்க வருபவர் அதைக் காட்டி, "இதே மாதிரி பெட்டியில போட்டுக் குடுங்க" என்பார். விவரம் தெரிந்த கடைக்காரர் அப்படியே போட்டுத் தரமாட்டார்.

தாம்பாளம் சில மணி நேரக் காட்சி. அதற்கும் கீழே வாழையிலை வேண்டும். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருப்பதால், ஈரமும் புளிப்பும் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் துலக்கிய தட்டை ஈரம் போகத் துடைக்காமல் இனிப்பை அடுக்குவது வீடுகளிலும் நடக்கிற தவறுதான்.

பெட்டியின் கதை வேறு. மூடி போட்டதும் உள்ளே இருக்கும் ஈரம், அதிகமுள்ள பண்டத்திலிருந்து குறைவானதற்கு நகரத் தொடங்கும். ஜாங்கிரியை மைசூர்பாகுக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் மைசூர்பாகின் ஓரம் பொறபொறப்பை இழந்து பிசுபிசுக்கும். பாதுஷாவின் மேலே வெள்ளையாகப் பூத்திருந்த சர்க்கரை கண்ணாடிபோல் கரைந்திருந்தாலும் காரணம் இதேதான்.

ஒரு கிலோ பெட்டியை எடுத்துக்கொள்வோம். 45 கிராம் லட்டு ஆறு, 40 கிராம் மைசூர்பாகு ஆறு, 50 கிராம் பாதுஷா ஐந்து, 15 கிராம் முந்திரி கத்லி பதினாறு. கூட்டினால் சரியாக 1,000 கிராம். அட்டைப்பெட்டியின் எடை இதில் சேராது. சேர்த்து நிறுத்தால் வாடிக்கையாளர் காசு கொடுத்து அட்டை வாங்குகிறார் என்று பொருள். நான்குமே ஓரளவு உலர்ந்த பண்டங்கள். கனமான லட்டும் பாதுஷாவும் கீழ் அடுக்கு. அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, எளிதில் உடையும் மைசூர்பாகும் கத்லியும் மேல் அடுக்கு.

அவசரத்தில் சறுக்குவது சூட்டில்தான். மைசூர்பாகை வெதுவெதுப்பாக இருக்கும்போதே துண்டு போட வேண்டும், ஆனால் நன்றாக ஆறும்வரை பெட்டியில் வைக்கக் கூடாது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும். இரண்டொரு நாளில் பூஞ்சை வரும். பெட்டியைத் திறந்ததும் மூடியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

பால்கோவாவைப் பெட்டியில் சேர்க்காததற்குத் தேதியும் ஒரு காரணம். தட்டில் வைத்து விற்கும் உதிரி இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பதை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. பால் பண்டம் சீக்கிரம் கெடும். அதைக் கலந்தால், நெய்ப் பண்டங்கள் நிறைந்த பெட்டிக்கும் பால்கோவாவின் தேதியைத்தான் போட வேண்டும். ஆகவே சின்னப் பெட்டி ஒன்றில் தனியாகக் கட்டி, "இதை முதல்ல காலி பண்ணிடுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.