ஆடியோகிராம் தாளைக் கேட்டு வாங்குங்கள்

“காது நல்லாத்தான் கேக்குது, பேசுறதுதான் புரியல.” காது பரிசோதனைக்கு முதன்முறையாக வரும் பெரியவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கூட வந்த மகனோ மகளோ, “வேணும்கிறது மட்டும் கேக்கும்” என்று சிரிப்பார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை, பெரியவர் சொல்வது உண்மை. பேச்சில் உயிரெழுத்து ஒலிகள் கனமானவை, ஸ்தாயியும் தாழ்ந்தது. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் மெலிதானவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த ஸ்தாயியில் இருக்கிறது. வயதாலோ இரைச்சலாலோ கெடும் காதில் முதலில் போவது உயர்ந்த ஸ்தாயிதான். அப்போது யாரோ பேசுவது கேட்கும், சொன்னது ‘கட்டு’வா ‘தட்டு’வா ‘பட்டு’வா என்பது பிடிபடாது.

இந்த வித்தியாசத்தை அளந்து காட்டும் தாளுக்கு ஆடியோகிராம் என்று பெயர். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் காதைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பார், ஆடியோலஜிஸ்ட் கேட்கும் திறனை அளப்பார். முதலில் மருத்துவரிடம் போவதே நல்லது, ஏனென்றால் துவாரத்தை அடைத்துக்கொண்டு காதுக்குரும்பி இருந்தால் அளவே தப்பாக வரும். அதற்காக முதல் நாள் இரவு பட்ஸ் போட்டுக் குடைந்துவிட்டுப் போகாதீர்கள். குரும்பி இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

சத்தமும் கணக்கைக் கெடுக்கும். திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவருக்கும் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவருக்கும் காது தற்காலிகமாக மந்தித்திருக்கும். குறைந்தது 14 மணி நேரமாவது அமைதியாக இருந்துவிட்டுப் போனால் உண்மையான அளவு கிடைக்கும். சாப்பிட்டுவரும் மாத்திரைகள், முன்பு போட்டுக்கொண்ட ஊசிகள் பற்றிய சீட்டுகளும் கையில் இருக்கட்டும். காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகளும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் உள்காதைத் தாக்கக்கூடியவை. கேட்டால்தான் நினைவுக்கு வரும் விஷயங்கள் இவை.

பரிசோதனை நடப்பது சத்தம் புகாத சின்ன அறையில். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஸ்தாயியிலும் ‘பீப்’ ஒலி வரும். கேட்டால் சத்தத்தைக் குறைப்பார்கள், கேட்காவிட்டால் கூட்டுவார்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தெளிவாகக் கேட்ட பிறகு அழுத்தலாம் என்று காத்திருப்பார்கள். தேடுவது தெளிவான ஒலியை அல்ல, உங்கள் காதுக்கு எட்டுகிற கடைசி மெல்லிய ஒலியை. இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்தாலும் அழுத்துங்கள். அடுத்து காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒரு சிறு கருவியை வைத்து அதே சோதனையைச் செய்வார்கள். நடுவே மற்றக் காதில் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் விடுவதும் உண்டு. அந்தக் காது இந்தக் காதுக்கு உதவிவிடாமல் இருக்கத்தான் அது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எலும்பில் ஏன் வைக்கிறார்கள்? எலும்பு வழியாகப் போகும் ஒலி, துவாரத்தையும் செவிப்பறையையும் தாண்டி நேரே உள்காதுக்குப் போய்விடும். ஹெட்போனில் மோசமாகவும் எலும்பில் நன்றாகவும் கேட்டால், கோளாறு வழியில் இருக்கிறது. செவிப்பறை ஓட்டை, உள்ளே நீர், நடுக்காது எலும்பு இறுகுதல் என்று பெரும்பாலும் மருந்துக்கோ அறுவைக்கோ இடம் உள்ள சங்கதி. இரண்டும் ஒரே அளவில் மோசமாக இருந்தால் உள்காதிலோ நரம்பிலோ பிரச்சினை.

ஒரு தாளைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம். குமாரபாளையத்தில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டிய ஒருவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காது: 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-இல் 25, 2000-இல் 40, 4000-இல் 65, 8000-இல் 55. எண் கூடக்கூடக் கேட்பது குறைகிறது என்று பொருள். எலும்பு வழி அளவும் ஏறக்குறைய இதேதான், 4000-இல் மட்டும் 60. ஆக, வழியில் அடைப்பு இல்லை, உள்காதுதான் கெட்டிருக்கிறது. 4000-இல் பள்ளமாக விழுந்து 8000-இல் கொஞ்சம் ஏறுவது இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் தாளில் அடிக்கடி காணும் வடிவம்.

இப்போது ரிப்போர்ட்டின் அடியில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? முதல் மூன்று அளவுகளின் சராசரி 28, ‘லேசான குறைபாடு’ என்று. கணக்கு சரிதான். ஆனால் அந்த மூன்றில் 4000 சேரவில்லை. அதையும் சேர்த்தால் சராசரி 37-ஐத் தாண்டுகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ‘மிதமான’ வகைக்குப் போய்விடுகிறது. மனைவி பேசுவது ஏன் புரியவில்லை என்பதற்கான விடை சராசரியில் இல்லை, அந்த 65-இல் இருக்கிறது. அதனால் முதல் கேள்வி, “எத்தனை சதவீதம் போச்சு?” என்பதாக இருக்க வேண்டாம். “எந்த ஸ்தாயியில் எவ்வளவு குறைஞ்சிருக்கு? கோளாறு வழியிலா, நரம்பிலா?” என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி, “ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்கா?” என்பது. வயதும் இரைச்சலும் பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்தே கெடுக்கும். ஒன்று மட்டும் கணிசமாகப் பின்தங்கினால், காது நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட கட்டி அபூர்வம், பெரும்பாலும் புற்றுநோயும் அல்ல. ஆனாலும் பார்க்காமல் மிஷின் மாட்டி அனுப்புவது சரியல்ல.

‘பீப்’ சோதனையோடு சொல் சோதனையும் உண்டு. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள், எத்தனை சரி என்பது சதவீதமாக எழுதப்படும். அது தமிழ்ச் சொற்களில் நடந்ததா என்று கேளுங்கள். தெரியாத மொழிச் சொல்லைத் தப்பாகச் சொல்வது காதின் குற்றம் அல்ல. போதுமான சத்தத்தில் சொல்லியும் மதிப்பெண் மிகக் குறைவாக வந்தால், மிஷின் சத்தத்தைக் கூட்டுமே தவிர முழுத் தெளிவையும் கொடுக்காது. பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி இது.

மிஷின் வேண்டும் என்றால், வீட்டிலும் கடைத்தெருவிலும் போட்டுப் பார்க்கச் சில நாள் தருவார்களா, காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து அளந்து சத்தத்தைச் சரிசெய்வார்களா என்று கேளுங்கள். ‘இலவசக் காது பரிசோதனை’ போர்டு வைத்த கடைக்குப் போனால், அளப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியோலஜிஸ்ட்தானா என்று விசாரியுங்கள். எங்கே பார்த்தாலும் ஆடியோகிராமின் பிரதியை வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

இத்தனை தயாரிப்பும் மெல்ல மெல்லக் குறைந்த காதுக்குத்தான். ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ‘சளியா இருக்கும்’ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டும் இருக்க வேண்டாம். அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து, முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் தர அதிக வாய்ப்பு.